நச்சியல் இறுதித் தேர்வு, கேள்வி 6: கிடங்கில் நிலக்கடலை

மதிப்பெண்கள்: 20. நேரம்: சுமார் 40 நிமிடம். எல்லாப் பிரிவுகளுக்கும் விடையளிக்கவும். கணக்கில் படிகளைக் காட்டவும். விடை மட்டும் எழுதினால் பாதி மதிப்பெண்தான்.

தகரக் கூரை போட்ட ஒரு கிடங்கில் 20 டன் தோல் நீக்கிய நிலக்கடலை நான்கு மாதமாக இருக்கிறது. மூட்டைகள் சுவரை ஒட்டி, நேரே தரையில் அடுக்கப்பட்டுள்ளன. உள்ளே வந்தபோது சராசரி ஈரப்பதம் 6.8 சதவீதம். கூரை பகலில் கொதிக்கும், இரவில் குளிர்ந்துவிடும். இரண்டாம் மாதம் வண்டு தெரிந்ததால் பாஸ்பீன் புகையூட்டினார்கள், வண்டு ஒழிந்தது.

விற்பதற்கு முன், கதவருகே இருந்த ஒரு மூட்டையில் 200 கிராம் எடுத்துச் சோதித்தார்கள். மொத்த அஃப்லாடாக்சின் கிலோவுக்கு 3 மைக்ரோகிராம். வாங்க வந்தவர் அதை ஏற்கவில்லை. 100 இடங்களிலிருந்து எடுத்த 20 கிலோவை முழுவதும் அரைத்துச் சோதிக்கச் சொன்னார். இம்முறை 48; அதில் பி1 மட்டும் 36. மேலடுக்கு மூட்டை ஒன்றைப் பிரித்தபோது சில பருப்புகள் சுருங்கிக் கிடந்தன. அவற்றைப் பிளந்து பார்த்தால் இரு பாதிகளுக்கு நடுவே பச்சைப் பொடி.

கிடங்கு உரிமையாளர் சொல்கிறார்: "இரண்டு சோதனைக்கும் சராசரி 25.5. நல்ல சரக்கோடு கலந்து வறுத்துவிட்டால் 15க்குக் கீழே வந்துவிடும். புகையும் போட்டாயிற்று, இனி என்ன?" பதப்படுத்தப்போகும் நிலக்கடலைக்குக் கோடெக்ஸ் வரம்பு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம்.

அ) சராசரி ஈரப்பதம் பாதுகாப்பான அளவில் இருந்தும் மேலடுக்கில் பூஞ்சை எப்படி வளர்ந்தது? நீர்ச்செயல்பாட்டின் மொழியில் விளக்கவும். (4)

ஆ) 3க்கும் 48க்கும் இடையிலான வேறுபாட்டை ஆய்வகப் பிழை என்று ஏன் ஒதுக்கிவிட முடியாது? (3)

இ) 18 கிலோ எடையுள்ள ஒரு குழந்தை இந்தக் கடலையைத் தினமும் 50 கிராம் சாப்பிடுகிறது. அன்றாட பி1 உட்கொள்ளலையும், உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.4 மைக்ரோகிராம் என்ற மேற்கோள் புள்ளியை வைத்து வெளிப்பாட்டு இடைவெளியையும் கணக்கிடவும். விடை எதைக் காட்டுகிறது? (4)

ஈ) பி1 கல்லீரல் புற்றுநோயாக மாறும் பாதையைப் படிப்படியாக எழுதவும். ஹெபடைடிஸ் பி இருப்பவருக்கு ஏன் ஆபத்து கூடுகிறது என்பதையும் சேர்க்கவும். (5)

உ) உரிமையாளரின் வாதத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து மறுக்கவும். அடுத்த சரக்குக்கு அவர் மாற்ற வேண்டியவற்றில் மிக முக்கியமான இரண்டைக் காரணத்தோடு சொல்லவும். பட்டியல் போட்டால் மதிப்பெண் இல்லை. (4)

திருத்துபவருக்கு

பிரிவு அ-வில் வெப்பச்சாய்வு வர வேண்டும்: பகல் சூட்டில் மூட்டைக்குள்ளிருந்து எழும் ஈரக்காற்று இரவில் கூரையடியில் குளிர்ந்து நீராகி மேலடுக்கில் இறங்குகிறது. நீர்ச்செயல்பாடு 0.70க்குக் கீழே இருந்தால் பெரும்பாலான பூஞ்சைகளுக்கு வழியில்லை, 0.80ஐத் தாண்டினால் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் வளரத் தொடங்கும். "ஈரமாக இருந்தது" என்று மட்டும் எழுதினால் ஒரு மதிப்பெண் போதும். வண்டுகளின் சுவாசமும் சூட்டையும் ஈரத்தையும் கூட்டும் என்று எழுதுபவருக்குத் தாராளமாகக் கொடுக்கலாம்.

ஆ: நச்சு சில பருப்புகளில் மட்டும் குவிந்திருக்கும். 200 கிராமில் அவை அகப்படாமல் போவதே இயல்பு.

இ: 1.8 மைக்ரோகிராம், கிலோவுக்கு 0.1, இடைவெளி 4. கவலை குறைவு என்று சொல்ல 10,000 தேவை. ஆகவே இது வரம்பு மீறல் என்ற அளவோடு முடிகிற விஷயம் இல்லை. பலர் 48ஐப் போட்டுக் கணக்கிடுவார்கள். முறை சரியாக இருந்தால் ஒரு மதிப்பெண் மட்டும் குறைக்கவும்.

ஈ: சைட்டோகுரோம் பி450 நொதிகள் பி1-ஐ 8,9-எபாக்சைடாக மாற்றுகின்றன, அது டிஎன்ஏவின் குவானினில் ஒட்டுகிறது, பி53 மரபணுவின் 249ஆம் கோடானில் ஜி-யிலிருந்து டி-க்கு மாற்றம். குளுட்டாதயோன் எபாக்சைடைக் கட்டி வெளியேற்றுவது எதிர்ப்பாதை. ஹெபடைடிஸ் பி-யில் செல்கள் ஓயாமல் பிரிவதால், பழுது சரியாகும் முன்பே அது பிறழ்வாக நிலைத்துவிடுகிறது. எம்1 பாலில் வருவதை எழுதினால் நல்லது, ஆனால் இங்கே கேட்கவில்லை.

உ: வறுத்தால் நச்சு ஓரளவே குறையும். பாஸ்பீன் பூச்சியைக் கொல்லும், நச்சைத் தொடாது; பூஞ்சையே செத்தாலும் நச்சு அங்கேயே இருக்கும். கலந்து நீர்க்கச் செய்வதைப் பல நாடுகளின் சட்டம் தடுக்கிறது. 3ஐயும் 48ஐயும் சம எடையில் கூட்டியதும் தவறுதான். மாற்றங்களில் கட்டை மேல் அடுக்கி, சுவரிலிருந்து விலக்கி, காற்றோட்டம் தருவதையும், காற்றுப்புகாத பைகளில் நன்கு உலர்ந்த சரக்கை மட்டும் போடுவதையும் எதிர்பார்க்கிறேன். ஈரச் சரக்கையே அந்தப் பையில் கட்டச் சொல்பவருக்கு அந்த மதிப்பெண்ணைக் கொடுக்க வேண்டாம்.