பொருள்: 12 நாளாகியும் வந்து சேராத 3,000 திர்ஹாம் – தடமறிந்து தரவும், கட்டணத்தைத் திருப்பித் தரவும் கோரிக்கை (பரிமாற்ற எண் 4471 0925 3386)

வாடிக்கையாளர் சேவைப் பிரிவு மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். நான் சார்ஜாவில் அலுமினிய ஜன்னல் பொருத்தும் பட்டறையில் வேலை செய்கிறேன். புகாரைத் தமிழிலேயே எழுதலாம் என்று தங்கள் தொழிற்பேட்டைக் கிளையில் சொன்னதால் இவ்வாறு எழுதுகிறேன்.

சென்ற 09.01.2025 வியாழக்கிழமை மாலை, அந்தக் கிளையில் 3,000 திர்ஹாமும், கட்டணம் 20 திர்ஹாமும், அதற்கான 5% வாட் வரி 1 திர்ஹாமும் ஆக மொத்தம் 3,021 திர்ஹாம் ரொக்கமாகச் செலுத்தினேன். ஒரு திர்ஹாமுக்கு 23.30 ரூபாய் வீதம், 69,900 ரூபாய் என் தாயார் மா. ராஜேஸ்வரியின் ஏற்காடு வங்கிக் கணக்கில் (கடைசி நான்கு எண்கள் 6018) மறுநாளே வரவாகும் என்று ரசீதில் உள்ளது. இன்று 21-ஆம் தேதி. ஒரு ரூபாய்கூட வரவில்லை. தங்கள் செயலியோ 10-ஆம் தேதியிலிருந்தே "PAID" என்று காட்டிக்கொண்டிருக்கிறது.

என் தாயார் நாகலூரில் இருக்கிறார். பாஸ்புக்கில் வரவு பதிந்திருக்கிறதா என்று பார்க்க இதுவரை மூன்று முறை பஸ் ஏறி ஏற்காடு போய் வந்துவிட்டார். மூன்றாவது முறை, ரசீதிலுள்ள பரிமாற்ற எண்ணை நான் போனில் சொல்லச் சொல்ல நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதி எடுத்துச் சென்றார். வங்கி ஊழியர் அதைப் பார்த்துவிட்டு, "இது பணம் அனுப்பிய கடையின் சொந்த எண்ணம்மா, எங்கள் கணினியில் இதை வைத்துத் தேட முடியாது, யூடிஆர் நம்பர் வாங்கி வரச் சொல்லுங்கள்" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் சொன்னதில் தவறில்லை. அந்த எண்ணைத் தங்களிடம் இரண்டு முறை கேட்டும் எனக்குத் தரவில்லை என்பதுதான் என் முதல் குறை.

13-ஆம் தேதி தொலைபேசியில் பேசியவர், பொங்கல் விடுமுறை என்பதால் தாமதமாகும், பொறுத்திருங்கள் என்றார். இந்தியாவில் நெஃப்ட் சேவை 2019 டிசம்பரிலிருந்து விடுமுறை நாட்களிலும் 24 மணி நேரமும் இயங்குகிறது என்பது பணம் அனுப்பும் தொழிலில் உள்ளவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. 18-ஆம் தேதி பேசியவர், பெயரில் இனிஷியல் மாறியிருக்கலாம் என்றார். இதே பெயர், இதே கணக்கு எண், இதே ஐஎஃப்எஸ்சி குறியீட்டுக்குத் தங்கள் நிறுவனம் வழியாகவே 14 முறை அனுப்பியிருக்கிறேன். ஒரு முறையும் நின்றதில்லை. அப்படியே பெயர் பொருந்தாமல் போயிருந்தாலும், கணக்கில் சேர்க்க முடியாத நெஃப்ட் தொகையைப் பெறும் வங்கி, அந்தத் தொகுப்பு முடிந்த 2 மணி நேரத்துக்குள் அனுப்பிய வங்கிக்கே திருப்ப வேண்டும் என்பது விதி. ஆகவே பணம் எங்கள் ஊர் வங்கியில் 12 நாளாக முடங்கிக் கிடக்க வழியில்லை. அது இந்தியாவில் தங்களுக்காகப் பட்டுவாடா செய்யும் வங்கிக்குத் திரும்பியிருக்க வேண்டும், அல்லது அங்கிருந்து புறப்படாமலே இருக்க வேண்டும்.

இது காப்பிப் பழம் பறிக்கும் காலம். எங்கள் ஒன்றரை ஏக்கரில் பறிப்பு ஆட்களுக்குக் கூலி கொடுக்கத்தான் இத்தொகையை அனுப்பினேன். பழுத்த பழம் ஆளுக்காகக் காத்திருக்காது, உதிர்ந்துவிடும் என்பதால், என் தாயார் காதுத் தோட்டை அடகு வைத்து 18,000 ரூபாய் வாங்கிக் கூலி கொடுத்திருக்கிறார். அந்த வட்டியைத் தங்களிடம் நான் கேட்கவில்லை. தாமதம் எங்கே போய் முடிகிறது என்பதைத் தாங்கள் அறிய வேண்டும் என்றே எழுதுகிறேன்.

எனவே, இப்பணம் எந்த வங்கி வழியாக, எந்த நாளில், எந்த யூடிஆர் எண்ணில் அனுப்பப்பட்டது என்பதைத் தடமறிந்து, இம்மின்னஞ்சல் கிடைத்த இரண்டு வேலை நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பணம் திரும்பி வந்திருந்தால், ரசீதில் உள்ள அதே 23.30 வீதத்தில், மறுபடி கட்டணம் வாங்காமல், உடனே அதே கணக்குக்கு அனுப்ப வேண்டும். அது இயலாதெனில் 3,000 திர்ஹாமையும் முழுதாக, எந்தப் பிடித்தமும் இல்லாமல், கிளையில் என்னிடம் ரொக்கமாகத் தர வேண்டும். இரண்டில் எது நடந்தாலும், மறுநாளே சேரும் என்று சொல்லி வாங்கிய 21 திர்ஹாமை எனக்குத் திருப்பித் தர வேண்டும். தொகை சிறியதுதான், ஆனாலும் செய்யாத வேலைக்குக் கூலி வாங்குவது முறையாகாது. தாங்கள் பணத்தை அனுப்பியது உண்மையானால், பட்டுவாடா வங்கி கொடுத்த உறுதிச் சான்றின் நகல் ஒன்றும் வேண்டும். அதைக் கொண்டு எங்கள் வங்கியில் எழுத்து மூலம் கேட்டுக்கொள்வோம்.

தக்க பதில் வராவிட்டால், அமீரக மத்திய வங்கி அமைத்துள்ள சனதக் குறைதீர் அமைப்பிடம் இம்மின்னஞ்சலையே இணைத்து முறையிட வேண்டியிருக்கும். இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகத் தங்களிடமே பணம் அனுப்பி வருபவன் என்ற முறையில், அந்த நிலை வராது என்று நம்புகிறேன்.

ரசீது, செயலித் திரையின் படம், பாஸ்புக்கின் முதல் பக்கம், நேற்று வரை வரவு செலவு பதிந்த கடைசிப் பக்கம் ஆகியவற்றை இணைத்துள்ளேன். பகல் 12.30 முதல் 1.30 வரையும், மாலை 7 மணிக்குப் பிறகும் தங்களிடம் பதிவாகியுள்ள என் கைபேசி எண்ணில் பேசலாம். மற்ற நேரத்தில் சாரத்தின் மேல் இருப்பதால் எடுக்க இயலாது.

இப்படிக்கு,
மா. செல்வகுமார்
சார்ஜா
21.01.2025