அரைப் பொத்தான் பாக்கி

கடையை மூடலாம் என்று முடிவெடுக்க எங்களுக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கோபாலுக்கு முழங்கால் போய்விட்டது, நாள் முழுக்க நின்று துணி வெட்ட முடியவில்லை. எனக்கு வெளிச்சம் குறைந்தால் ஊசிக்காது இரண்டாகத் தெரிகிறது. போதாததற்குக் கட்டடக்காரரும் இடத்தைத் திருப்பிக் கேட்டார். "போதும்டா மணி" என்றான், "போதும்" என்றேன், அவ்வளவுதான். 27 வருஷத்தை மூட பத்து நிமிடம், பிரிக்க மூன்று வாரம்.

பணத்தில் சிக்கல் வரவில்லை. அட்வான்ஸ் திரும்பி வந்தது, நூல் கடைப் பாக்கியைக் கொடுத்தோம், மீதியை இரண்டாகப் பிரித்துக்கொண்டோம். தைத்து முடித்தும் யாரும் வாங்கிப் போகாத துணிகளுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டோம், பாதிப் பேர் வந்தார்கள். சண்டை எல்லாம் சாமானில்தான். அதிலும் ஒரு கத்திரிக்கோலில்.

கோபால் இடது கைக்காரன். அவனுக்கென்றே தேடிப்பிடித்து வாங்கிய கத்திரிக்கோல் அது, அலகு மாறி இருக்கும், வலது கையில் பிடித்தால் துணியை வெட்டாது, மடித்துக் கடிக்கும். எனக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆனாலும் அது பொதுப் பணத்தில் வாங்கியது, அதனால் கணக்கில் வரணும் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று இப்போது யோசித்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. அவன் நிமிர்ந்து பார்த்தான். "அப்ப ஓவர்லாக் மெஷினும் கணக்குல வரணும், அதுல நான் ஒரு நாளாவது உட்கார்ந்திருக்கேனா?" என்றான். அங்கிருந்து பேச்சு எங்கெங்கோ போனது. அவன் முதுகு ஆபரேஷனுக்காக எட்டு மாதம் படுத்திருந்தபோது கடையை நான் தனியாக ஓட்டியதையும், அப்போதும் பாதிப் பங்கு அவன் வீட்டுக்குப் போனதையும் நான் எடுத்துவிட்டேன். ஆரம்பத்தில் கடைக்குப் போட்ட அட்வான்ஸ் முழுக்க அவன் மனைவியின் நகை அடகு வைத்த பணம், அதற்கு ஒரு பைசா வட்டி கேட்டதுண்டா என்று அவன் எடுத்தான். இரண்டுமே உண்மை. இத்தனை வருஷம் அவரவர் வயிற்றுக்குள் வைத்திருந்திருக்கிறோம்.

அப்புறம் இரண்டு நாள் பேச்சு இல்லை. ஆனால் கையில் ஒன்பது ஆர்டர் பாக்கி, வேலை நிற்க முடியாது. எப்போதும் துணியை வெட்டிக் கட்டாகத் தூக்கிப் போடும்போது "இடுப்புல அரை இஞ்ச் விட்டிருக்கேன், பார்த்துக்க" என்பான். அந்த இரண்டு நாளும் அதைத் துணியின் உள்பக்கம் சாக்பீஸில் எழுதி வைத்தான். "½ இஞ்ச் விட்டிருக்கு." விட்டிருக்கேன்கூட இல்லை, விட்டிருக்கு.

மூன்றாம் நாள் வந்தவன் பொத்தான் டப்பாவைக் கட்டிங் டேபிளில் கவிழ்த்தான். அவன் மகள் சொன்ன யோசனையாம். ஆளுக்கு 100 பொத்தான், அவனுக்கு வெள்ளை, எனக்குக் கறுப்பு. எட்டு சாமான், எட்டுச் சீட்டு. எது நமக்கு எவ்வளவு வேணுமோ அந்தச் சீட்டில் அவ்வளவு பொத்தான் வைக்கணும், ஒருத்தன் வைப்பது மற்றவனுக்குத் தெரியக் கூடாது. யார் அதிகம் வைத்தானோ சாமான் அவனுக்கு. கடைசியில் ஆளுக்கு எத்தனை பொத்தான் அளவுக்குக் கிடைத்தது என்று பார்த்து, கூட வந்தவன் குறைந்தவனுக்கு விட்டுக்கொடுக்கணும்.

ட்ரையல் ரூம் திரையைக் கழற்றி டேபிளுக்கு நடுவே கட்டினோம். கிழவன்கள் இரண்டு பேர் திரைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பொத்தான் எண்ணுவதை யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். எனக்கு ஒரு குறுக்குப் புத்தி வந்தது, ஒளிப்பானேன். கத்திரிக்கோலில் 30 பொத்தானை வைத்து அதைப் பிடுங்கிக்கொண்டால், அவன் கெஞ்சி வருவான், வேறு எதையாவது வாங்கிவிடலாம். 30 பொத்தானைத் தள்ளியும் வைத்துவிட்டேன். அப்புறம் ஓவர்லாக் சீட்டைப் பார்த்தால் அங்கே வைக்க எட்டுத்தான் மிச்சம். நான் வீட்டில் உட்கார்ந்து பகல் வெளிச்சத்தில் தைத்துப் பிழைக்கப் போகிறவன், ஓவர்லாக் இல்லாமல் என்ன செய்வேன்? எல்லாவற்றையும் வழித்து எடுத்து முதலிலிருந்து வைத்தேன்.

திரையை இறக்கினோம். கத்திரிக்கோலில் அவன் 25, நான் 2. கால் மெஷின், அது அவன் அப்பாவுடையது, அவன் 20, நான் 3. டேபிளும் ஆளுயரக் கண்ணாடியும் அவனுக்கு, 10, 5. ஓவர்லாக்கில் நான் 30, மோட்டார் மெஷினில் 20, நூல், லைனிங் எல்லாம் சேர்த்து 8. கடைசிச் சீட்டு அளவு நோட்டு. அதில் நான் 30 வைத்திருந்தேன். நோட்டு இருந்தால்தானே பழைய வாடிக்கைக்காரர்கள் வீடு தேடி வருவார்கள். அவன் 25 வைத்திருந்தான்.

"உனக்கு எதுக்குடா நோட்டு? நீதான் தொழிலையே விடுறியே" என்றேன்.

அவன் பதில் சொல்லவில்லை, கூட்டினான். எனக்கு 88, அவனுக்கு 60. நோட்டில் பாதியை நான் விட்டுக்கொடுத்தால் என் 30-இல் பாதி போய் எனக்கு 73, அவன் வைத்த 25-இல் பாதி சேர்ந்து அவனுக்கு 72½. "அரைப் பொத்தான் நீ பாக்கி" என்றான். மூன்று நாளில் அன்றைக்குத்தான் முகத்தில் ஒரு சிரிப்பு.

சரி, பாதி நோட்டு என்றால் என்ன? கிழித்தா கொடுக்க முடியும்? நோட்டை எடுத்துப் பிரித்தேன். 27 வருஷமாகப் பக்கத்தில் இருந்திருக்கிறேன், ஆனால் அளவை அவன்தான் எடுப்பான், அவன்தான் எழுதுவான், எனக்கு வெட்டின துணிதான் வரும். உள்ளே பார்த்தால் பாதி எண், பாதி அவனாகவே வைத்துக்கொண்ட கோடும் புள்ளியும் சுழியும். ஒரு பக்கம்கூட எனக்குப் பிடிபடவில்லை. என்னதான் 30 பொத்தான் வைத்திருந்தாலும், அவன் வாசித்துச் சொல்லாமல் அது எனக்கு வெறும் காகிதம்.

அதனால் இப்படிப் பேசிக்கொண்டோம். நோட்டு என் வீட்டில் இருக்கும். அதிலிருக்கும் ஆள் யார் வந்தாலும், ஒரு வருஷத்துக்கு, தையல் கூலியில் கட்டிங் பங்கு கோபாலுக்கு. வெட்டிக் கொடுத்தாலும் சரி, முழங்கால் வலி என்று உட்கார்ந்து அளவை மட்டும் வாசித்தாலும் சரி. எழுதிக் கையெழுத்தும் போட்டுக்கொண்டோம். எட்டு மாதமும் நகையும் அந்தக் காகிதத்தில் இல்லை. அதைப் பற்றி இரண்டு பேருமே அப்புறம் பேசவில்லை, தீர்ந்துவிட்டது என்றும் சொல்ல மாட்டேன்.

போன வாரம் நோட்டை நகலெடுக்க உட்கார்ந்தோம். அவன் வாசிக்க நான் புது நோட்டில் எழுத. "ஷோல்டர் 17, கை 24" என்று போய்க்கொண்டிருந்தவன் ஒரு சுழியில் நின்றான்.

"இது என்ன?"

"இடது தோள் அரை இஞ்ச் இறக்கம். அவருக்குத் தெரியாது. பேடு வெச்சு சமமாக்கிடுவேன், கண்ணாடியில பார்த்துக் குஷியா போவாரு."

"அவர்கிட்ட சொன்னதே இல்லையா?"

"எதுக்குச் சொல்லணும்? எழுது. இடது தோள் அரை இஞ்ச். பேடு."

எழுதினேன். அவன் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினான்.