2.4 மஞ்சள் குர்குமினாய்டுகளை ஃபிளாஷ் நிரல் வழி பிரித்தெடுத்தல்

சுங்கை சிப்புட் தோட்டக் குடியிருப்புகளின் கொல்லைகளில் தோண்டிய மஞ்சள் கிழங்கிலிருந்து பெற்று, ஹெக்சேனால் கழுவிய சாறு 800 மி.கி. பயன்படுத்தினோம். 98:2 டைகுளோரோமீத்தேன்–மெத்தனாலில் டிஎல்சி எனும் மெல்லடுக்கு நிறப்பிரிகைத் தகட்டில் மூன்று மஞ்சள் புள்ளிகள் விழுந்தன. கரைப்பான் ஏறிய தூரத்தில் அவை ஏறிய பங்கு, அதாவது Rf மதிப்பு: குர்குமின் 0.35, டிமெத்தாக்ஸிகுர்குமின் 0.20, பிஸ்டிமெத்தாக்ஸிகுர்குமின் 0.10.

நிரப்புதல். 40 மி.மீ. உள்விட்டக் கண்ணாடிக் குழாயின் அடியில் பஞ்சை லேசாக அடைத்து, 1 செ.மீ. மணல் இட்டோம். 90 கிராம் சிலிக்கா ஜெல்லை (40–63 மைக்ரான்) புகைக்கூண்டுக்குள் 250 மி.லி. டைகுளோரோமீத்தேனில் கரண்டியால் கலக்கினோம். உலர் சிலிக்கா கரைப்பானை உறிஞ்சும்போது சூடு கிளம்பும். அந்தச் சூடும் குமிழிகளும் அடங்கியபின் கூழை ஒரே மூச்சில் ஊற்றி, ரப்பர் குழாயால் பக்கவாட்டில் தட்டினோம். படுகை 15 செ.மீ. உயரத்தில் படிந்தது.

இந்த ஊர் வெப்பம் இங்கே கணக்கில் வரும். டைகுளோரோமீத்தேன் 40 டிகிரியிலேயே கொதிக்கும். நண்பகலில் அறை 32 டிகிரியைத் தாண்டும். மதியம் நிரப்பிய முதல் படுகையில் குமிழி எழுந்து விரிசல் கண்டது. அதைக் கழித்துவிட்டு, மறுநாள் காலை 7.30-க்கு மீண்டும் நிரப்பினோம். நன்றாக நனைந்த படுகை ஒளி ஊடுருவும் சாம்பல் நிறத்தில் இருக்கும். விரிசல் வெள்ளைக் கோடாகத் தெரியும். கோடு தெரிந்த படுகையில் மாதிரியை ஏற்றக்கூடாது, நிறப்பட்டை அதன் வழியே முந்தி ஓடும். கரைப்பான் மட்டம் ஒருமுறைகூட சிலிக்காவுக்குக் கீழே இறங்கவில்லை.

மாதிரி ஏற்றுதல். சாறு டைகுளோரோமீத்தேனில் மெதுவாகவே கரைந்ததால் உலர் முறையைத் தேர்ந்தோம். 10 மி.லி. அசிட்டோனில் கரைத்து, 2.5 கிராம் சிலிக்கா சேர்த்து, சுழல் ஆவியாக்கியில் வற்றவைத்தோம். குடுவையைச் சாய்த்தால் தூள் ஒட்டாமல் உதிர வேண்டும். அசிட்டோன் தங்கினால் மூன்று பட்டைகளும் ஒன்றாக இழுபடும். தூளைச் சமமாகப் பரப்பி, மேலே 1 செ.மீ. மணல் இட்டு, கரைப்பானைக் குழாயின் சுவரோரமாக ஊற்றினோம். குர்குமின் வெளிச்சத்தில் சிதையும் என்பதால் குழாயை அலுமினியத் தாளால் சுற்றி, பட்டையைப் பார்க்க ஓர் இடுக்கு மட்டும் விட்டோம்.

சேகரிப்பு. காற்றழுத்தத்தைத் திருத்தி, படுகைக்கு மேலுள்ள கரைப்பான் நிமிடத்துக்கு 5 செ.மீ. இறங்குமாறு வைத்தோம். அப்போது 30 மி.லி. சோதனைக்குழாய் அரை நிமிடத்தில் நிறைந்தது. எண்ணிட்டு அடுக்கிய தாங்கியை முன்கூட்டியே வைக்காவிட்டால் கை ஓடாது. முதலில் தூய டைகுளோரோமீத்தேன் 180 மி.லி.; பின்னர் மெத்தனால் 1 விழுக்காட்டில் 300, 2 விழுக்காட்டில் 450, 5 விழுக்காட்டில் 360 மி.லி. விழுக்காட்டைச் சட்டென உயர்த்தினால் இரண்டாம் பட்டை முதலாவதை எட்டிப்பிடிக்கும்.

ஒவ்வொரு குழாயையும் டிஎல்சியில் பார்த்தோம். மஞ்சள் கிழங்குக்கு மணம் தரும் டர்மெரோன் எண்ணெய்களுக்கு நிறமில்லை. அவற்றைக் காண தகட்டை வானிலின் கரைசலில் தோய்த்துச் சூடேற்றினோம். 21–27 குழாய்களில் குர்குமின் (212 மி.கி.), 31–35-இல் டிமெத்தாக்ஸி (74 மி.கி.), 38–42-இல் பிஸ்டிமெத்தாக்ஸி (46 மி.கி.) தனித்து வந்தன. 28–30, 36–37 குழாய்களில் இரண்டு புள்ளிகள் இருந்ததால் தூயவற்றோடு கலக்கவில்லை. அவற்றை வற்றவைத்து, 20 மி.மீ. நிரலில் மீண்டும் ஓட்டினோம்.