சம்பள உயர்வு பற்றி

கடலூர் முதுநகர்
28.04.2025

அன்புள்ள மேஸ்திரி அண்ணனுக்கு,

வணக்கம். மே 1 முதல் உங்கள் மாதச் சம்பளம் 18,200 ரூபாயிலிருந்து 20,900 ரூபாயாகிறது. இதில் அடிப்படைச் சம்பளம் 12,000-லிருந்து 15,000 ஆகிறது. படிகளில் 300 குறைத்து அடிப்படையோடு சேர்த்திருக்கிறேன். சீட்டைப் பார்த்து குழம்ப வேண்டாம். பணிக்கொடை அடிப்படையை வைத்துத்தான் கணக்காகும். 22 வருஷம் உழைத்தவருக்கு அது சிறுசாக இருக்கக் கூடாது.

பி.எஃப். பிடித்தம் 1,440-லிருந்து 1,800 ஆகும். அதே தொகையை நானும் உங்கள் பெயரில் கட்டுவேன். இ.எஸ்.ஐ. 157 போக, கையில் 18,943 வரும். இப்போது வாங்குவதைவிட 2,320 கூடுதல்.

நீங்கள் கேட்டது 23,000. நியாயமான கேட்புதான். ஆனால் 21,000-ஐத் தாண்டினால் இ.எஸ்.ஐ. போய்விடும். அண்ணியின் சர்க்கரை மாத்திரை, கண் பரிசோதனை எல்லாம் அங்கேதானே நடக்கிறது? அதனால்தான் 20,900-ல் நிறுத்தினேன். மீதிக்கு ஈடாகத் தீபாவளி போனஸில் 10,000 கூட்டித் தருகிறேன். முழு ஈடு ஆகாது, தெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். விசைப்படகு ஓடாமல் ஐஸ் பார் தேங்கிக் கிடக்கும்போது கரண்ட் பில்லை நான் கையிலிருந்துதான் கட்டுகிறேன்.

போன மழையில் கம்ப்ரசர் சத்தம் மாறியதை ரோட்டிலேயே கேட்டு, சட்டைகூடப் போடாமல் ஓடிவந்து வால்வை மூடினீர்கள். அன்றே இதைச் செய்திருக்கணும். தாமதம் என் தப்பு.

சந்தேகம் இருந்தால் சனிக்கிழமை சாயங்காலம் டீ நேரத்தில் வாங்க, கணக்கு நோட்டைக் காட்டுகிறேன்.

அன்புடன்,
உங்கள் தம்பி
(ஐஸ் ஆலை முதலாளி)