அலுவலகக் கம்ப்யூட்டரும் இன்டர்நெட்டும்: எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது

இது திருப்பூர் அலுவலகத்திலும் யூனிட்டிலும் கம்ப்யூட்டரைத் தொடுகிற எல்லோருக்கும் பொருந்தும். மெர்ச்சண்டைசிங், அக்கவுண்ட்ஸ், ஷிப்பிங், பேட்டர்ன் ரூம், பயிற்சிக்கு வந்திருப்பவர்கள், நிர்வாகத்தில் இருப்பவர்கள் எல்லோரும் இதில் அடக்கம். ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருகிறது. பழைய உத்தரவில் "சொந்த வேலைக்கு இன்டர்நெட் கூடாது" என்று ஒரே வரி இருந்தது. காலை ஒன்பதரை மணிக்கு வந்து ஷிப்மென்ட் நாட்களில் இரவு எட்டு வரை இருப்பவர் கரண்ட் பில்லை எங்கே போய்க் கட்டுவார்? அந்த வரியை எடுத்துவிட்டோம்.

சொந்த வேலை

பேங்க் வேலை, பிள்ளைகளின் ரிசல்ட், டாக்டர் அப்பாயிண்ட்மென்ட், செய்தி, வீட்டுக்கு ஒரு மெயில், இதெல்லாம் தாராளமாகச் செய்யலாம், யாரிடமும் கேட்க வேண்டாம். தட்கல் டிக்கெட் காலை 10 மணிக்கும் 11 மணிக்கும்தான் திறக்கும், சாப்பாட்டு இடைவேளை வரை அது காத்திருக்காது என்று எங்களுக்கும் தெரியும். கையில் இருக்கும் வேலை நிற்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

கிரிக்கெட்டையும் படத்தையும் மட்டும் உங்கள் போனில், உங்கள் டேட்டாவில் பாருங்கள். நம்முடையது 100 எம்பிபிஎஸ் லைன். நல்ல தரத்தில் ஓடும் ஒரு வீடியோ அதில் ஏறக்குறைய 5 எம்பிபிஎஸ் எடுக்கும், பதினைந்து பேர் மேட்ச் பார்த்தால் முக்கால்வாசி லைன் போய்விடும், அந்த நேரம் பையருக்கு ஆர்ட்வொர்க் அனுப்புகிறவர் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். சொந்த போனுக்கு கெஸ்ட் வைஃபை இருக்கிறது, அதை வாட்ஸ்அப்புக்குப் பயன்படுத்துங்கள்.

ஆபாசத் தளங்கள், சூதாட்டம், டோரன்ட், இன்னொரு கம்பெனிக்கான வேலை: இவை எந்த நேரத்திலும் கூடாது.

பணம் போகிற வழி

எங்களுக்கு மிகவும் கவலை தருவது இதுதான். நூல் மில்லில் இருந்து வந்ததுபோல ஒரு மெயில் வரும், "எங்கள் பேங்க் அக்கவுண்ட் மாறிவிட்டது, இனி இதில் போடுங்கள்" என்று. முகவரியில் m இருக்க வேண்டிய இடத்தில் rn இருக்கும், அவசரத்தில் கண்ணுக்கே தெரியாது. சில சமயம் அவர்களுடைய உண்மையான மெயிலே திருடுபோய் அதிலிருந்தே வரும், அப்போது முகவரியைப் பார்த்துப் பயனில்லை. அதனால் அக்கவுண்ட் நம்பர் மாற்றம் என்று யார் கேட்டாலும், நம் லெட்ஜரில் ஏற்கெனவே இருக்கும் நம்பருக்கு போன் செய்து தெரிந்த ஆளிடம் பேசி உறுதி செய்யாமல் ஒரு ரூபாய்கூடப் போகக் கூடாது. மெயிலில் கொடுத்திருக்கும் நம்பருக்குப் பேசுவது கணக்கில் வராது. "எம்டி அவசரமாகச் சொல்கிறார்" என்றாலும் இதே விதிதான், இதற்காகப் பேமென்ட் ஒருநாள் தள்ளிப்போனால் பொறுப்பு நிர்வாகத்துடையது.

டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கனை வேலை முடிந்ததும் கழற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். அதையும் அதன் பின் நம்பரையும் வைத்திருப்பவர் நம் பெயரில் கையெழுத்துப் போடலாம்.

மெஷினும் பாஸ்வேர்டும்

கிராக் சாஃப்ட்வேர் போடாதீர்கள், டிசைன் சாஃப்ட்வேர் தேவை என்றால் கேளுங்கள், லைசென்ஸ் வாங்கித் தருகிறோம். வெளியிலிருந்து வரும் பென் டிரைவை முதலில் ஐடி மேஜையில் ஸ்கேன் செய்த பிறகே செருகுங்கள். எழுந்து போகும்போது விண்டோஸ் கீயையும் L-ஐயும் சேர்த்து அழுத்தினால் திரை பூட்டிக்கொள்ளும். பாஸ்வேர்ட் குறைந்தது 14 எழுத்து, ஆளுக்கு ஒன்று, ஓடிபியை யாரிடமும் சொல்லக் கூடாது, ஐடி ஆள் கேட்டாலும்தான். மாதாமாதம் மாற்றச் சொல்ல மாட்டோம், அப்படிச் சொன்னால் கடைசி எண்ணில் ஒன்றைக் கூட்டிப் போடுவதுதான் நடக்கும்.

நாங்கள் எதைப் பார்க்கிறோம்

எந்த மெஷின், எந்தத் தளம், எந்த நேரம், எவ்வளவு டேட்டா என்பதை ஃபயர்வால் பதிவு செய்கிறது. அரசின் CERT-In அமைப்பு 2022-இல் இட்ட உத்தரவுப்படி இந்தப் பதிவை 180 நாள் வைத்திருக்கிறோம். நீங்கள் பேங்க் தளத்தில் என்ன டைப் செய்கிறீர்கள் என்பது அதில் வராது. திரையைப் படம் பிடிக்கும் மென்பொருளோ கீபோர்டைக் கவனிக்கும் மென்பொருளோ எந்த மெஷினிலும் இல்லை, போடவும் மாட்டோம். ஒருவருடைய பதிவை எடுத்துப் பார்க்க வேண்டுமென்றால் ஹெச்ஆர் மேலாளரும் ஐடி பொறுப்பாளரும் சேர்ந்துதான் பார்ப்பார்கள், காரணத்தை எழுதி வைப்பார்கள். அலுவலக மெயில் கம்பெனியுடையது, நீங்கள் லீவில் இருக்கும்போது ஆர்டர் விஷயமாகத் திறக்க நேரலாம், அதனால் குடும்ப விஷயங்களுக்குச் சொந்த மெயிலையே பயன்படுத்துங்கள்.

தவறு நடந்துவிட்டால்

தப்பான லிங்கை அழுத்திவிட்டீர்களா? நெட்வொர்க் கேபிளைக் கழற்றுங்கள், வைஃபையை அணையுங்கள், மெஷினை ஆஃப் செய்ய வேண்டாம், உடனே எக்ஸ்டென்ஷன் 21-க்குச் சொல்லுங்கள், இரவானாலும் பரவாயில்லை. பணம் போயிருந்தால் நம் பேங்குக்கும் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கும் அந்த நிமிஷமே பேச வேண்டும், நேரம் போகப்போகப் பணத்தை நிறுத்துவது கஷ்டம். CERT-In-க்கும் ஆறு மணி நேரத்துக்குள் நாங்கள் தெரிவித்தாக வேண்டும். தானாக வந்து சொன்னவர் மேல், லிங்கை அழுத்தியதற்காக எந்த நடவடிக்கையும் இருக்காது, சம்பளத்திலும் கை வைக்க மாட்டோம். தெரிந்தும் மறைத்தால் விசாரணை உண்டு.

வீடியோ பார்த்தது போன்ற சின்ன விஷயங்களுக்கு முதலில் நேரில் சொல்வோம், திரும்ப நடந்தால் எழுத்தில் கொடுப்போம். வேண்டுமென்றே பையர் டிசைனை வெளியே அனுப்பினால் வேலை போகும்.

படித்துப் புரியாத இடத்தை மார்ச் 25-க்குள் ஹெச்ஆரிடம் கேளுங்கள், அதற்குப் பிறகு கையெழுத்துப் போட்டால் போதும்.