வரலாறு புராஜெக்ட்டை டிசம்பர் 5 வரை தள்ளித் தரக் கேட்டு

பத்தமடை,
நவம்பர் 20

அன்புள்ள டீச்சருக்கு,

வணக்கம். வருகிற திங்கள், 24ஆம் தேதி கொடுக்க வேண்டிய வ.உ.சி. புராஜெக்ட்டை என்னால் அன்றைக்குக் கொடுக்க முடியாது டீச்சர். டிசம்பர் 5, வெள்ளிக்கிழமை வரை நேரம் வேண்டும். அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் முடித்துவிடுவேன்.

காய்ச்சல் என்று எழுதினால் ஒரு வரியில் முடிந்துவிடும், ஆனால் எனக்குக் காய்ச்சல் இல்லை. தீபாவளி முடிந்து கொஞ்ச நாளில் அப்பா பைக்கில் வரும்போது மாடு குறுக்கே வந்து விழுந்துவிட்டார்கள், வலது கையில் மாவுக்கட்டு. பிசான நடவு நேரம். அரைக் கோட்டை விதைப்பாடுதான் என்றாலும் நாற்று முற்றிக்கொண்டே போகிறது, அது எங்கள் வீட்டுக் கஷ்டத்துக்காகக் காத்திருக்காது. அம்மா பீடி சுற்றுகிறார்கள், கடைக்குக் கணக்குப்படி கட்டு போயாக வேண்டும், தம்பி ஐந்தாம் வகுப்பு. அதனால் நாற்று முடி எண்ணிப் போடுவது, நடவு ஆட்களுக்குக் காபி கொண்டுபோவது, கூலிக் கணக்கு எழுதுவது எல்லாம் என் தலையில். கன்னடியன் கால்வாய்த் தண்ணீர் எங்கள் வயலுக்கு வரும் முறை இப்போது ராத்திரியில் விழுகிறது. சித்தப்பாவும் நானும் டார்ச்சோடு போய் மடையைத் திறந்துவிட்டு, நண்டு வளை போட்ட இடத்தில் எல்லாம் மம்பட்டியால் மண்ணை வெட்டி அடைத்துவிட்டுத் திரும்பும்போது ஊரே தூங்கியிருக்கும். அப்புறம் நோட்டைத் திறந்தால் எழுத்து இரண்டு இரண்டாகத் தெரிகிறது. பாதி வயல் நட்டாயிற்று, மீதி இந்த ஞாயிறோடு முடிந்துவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வ.உ.சி.யின் முழு வாழ்க்கையையும் எழுதுகிறேன் என்று உங்களிடம் தலைப்பு வாங்கினேன். 1872இல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தது, 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி, செக்கு, விடுதலை என்று வரிசையாக எழுதினால் வகுப்பில் பாதிப் பேரின் நோட்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். எனக்கு அதைவிட 1908 மார்ச் 13தான் பிடித்திருக்கிறது, அந்த ஒரு நாளை மட்டும் எழுதலாமா டீச்சர்? முந்தின நாள் வ.உ.சி.யையும் சுப்பிரமணிய சிவாவையும் கைது செய்கிறார்கள், மறுநாள் திருநெல்வேலியில் கடையெல்லாம் அடைத்து, நகராட்சி அலுவலகமும் தபால் ஆபீசும் தீப்பிடித்து, துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் சாகிறார்கள். நாம் பஸ்ஸில் போய் வருகிற அதே ஊரில்! தூத்துக்குடியில் கோரல் மில் தொழிலாளிகள் அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் கூலிக்காக வேலைநிறுத்தம் செய்து ஜெயித்திருந்தார்கள், இப்போது கூலிக்காக இல்லாமல் தலைவர்களைப் பிடித்ததற்காக மறுபடியும் வேலையை நிறுத்துகிறார்கள். ஒரு வக்கீலுக்காக மில் ஆட்கள் ஏன் இறங்கினார்கள் என்பதுதான் என் கேள்வி. கூலிப் போராட்டத்தில் அவர் கூட நின்றதுதான் காரணம் என்று நினைக்கிறேன், அதை ஆதாரத்தோடு காட்ட வேண்டும்.

கையில் இப்போது இருப்பது பிப்ரவரி கடைசியில் தொடங்கிய வேலைநிறுத்தத்திலிருந்து ஜூலை 7 தீர்ப்பு வரைக்குமான தேதி வரிசையும், முன்னுரை ஒன்றரைப் பக்கமும். அவற்றை 24ஆம் தேதியே கொண்டுவந்து காட்டுகிறேன், அப்படியே நான் சும்மா இருக்கவில்லை என்றும் உங்களுக்குத் தெரியும். 29ஆம் தேதி சனிக்கிழமை பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்துக்குப் போகிறேன், அத்தை வீடு அங்கேதான், ஞாயிறும் தங்கிக்கொள்ளலாம். வ.உ.சி. பாட்டாக எழுதிய சுயசரிதையில் இந்த நாட்களைப் பற்றி அவரே என்ன சொல்கிறார் என்று பார்த்துக் குறிப்பு எடுப்பேன். டிசம்பர் 1லிருந்து 3 வரை எழுத்து, 4ஆம் தேதி படமும் அட்டையும். தெர்மாகோலில் கப்பல் செய்வதாகச் சொன்னதை விட்டுவிடுகிறேன், அதற்குப் பதில் பழைய திருநெல்வேலி வரைபடம் ஒன்று கையால் வரைந்து எது எங்கே நடந்தது என்று குறித்துத் தருகிறேன். கப்பலைவிட இதுதான் வேலை அதிகம், ஆனால் ராத்திரி வீட்டில் உட்கார்ந்தே செய்யலாம்.

தாமதத்துக்கு மார்க் குறைப்பது வழக்கம் என்றால் குறைத்துக்கொள்ளுங்கள் டீச்சர், மற்றவர்கள் நேரத்துக்குக் கொடுக்கும்போது எனக்கு மட்டும் தனி நியாயம் கேட்கவில்லை. தலைப்பைச் சுருக்குவது உங்களுக்குச் சரியாகப் படவில்லை என்றால் மட்டும் திங்கள்கிழமையே சொல்லிவிடுங்கள், நூலகத்தில் எதைத் தேடுவது என்பது அதைப் பொறுத்துத்தான். அப்பாவுக்கு வலது கை கட்டில் இருப்பதால் கீழே அம்மா கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஏதாவது கேட்க வேண்டும் என்றால் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அம்மா போனுக்குக் கூப்பிடுங்கள், அதற்கு முன்னால் நான் வயலில் இருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் மாணவி
இ. முத்துச்செல்வி
பதினொன்றாம் வகுப்பு, ஆ பிரிவு