முக்காலிக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தக் கறுப்புத் தீற்றல்

இது எங்கள் தாத்தா. அப்பாவின் அப்பா. 1953 மார்ச்சில் எடுத்த படம். பின்பக்கம் மைப் பேனாவால் மாதத்தையும் வருடத்தையும் அவரே எழுதி, அடியில் ஒரு கோடும் இழுத்திருக்கிறார். எதை எழுதினாலும் அடியில் கோடு இழுக்காமல் விட மாட்டார். அப்போது அவருக்கு 31 வயது. எனக்கு இன்று அதைவிடப் பத்து வயது கூட. அதனால் இந்த ஒரு படத்தைப் பார்க்கும்போது மட்டும் 'தாத்தா' என்று சொல்ல வாய் கொஞ்சம் தயங்குகிறது.

வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் இந்தப் படத்தின் முன்னால் ஒரு நிமிடம் நிற்பார்கள். "என்னா கம்பீரம்!" என்பார்கள். இடது கையைப் பின்னால் வைத்திருக்கிற தோரணையைப் பார்த்துவிட்டு, "மிலிட்டரியில இருந்தாரா?" என்று கேட்டவர்கள் மட்டும் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். இல்லை. கணக்கு எழுதுகிற வேலை. வாழ்நாளில் பேனாவைவிடக் கனமான ஆயுதம் எதையும் தூக்கியதில்லை. அந்தக் கோட்டும் அவருடையதல்ல, ஸ்டுடியோவில் ஆணியில் மாட்டியிருந்தது. தோளில் கொஞ்சம் தொங்குவதைக் கவனித்தால் தெரியும்.

ஆனால் பிள்ளைகளுக்கு அவர் மிலிட்டரிதான். அவர் எதிரில் யாரும் காலை நீட்டி உட்கார்ந்ததில்லை. வெளியூரில் இருந்தபோது பிள்ளைகள் எழுதிய கடிதங்களில் எழுத்துப் பிழையைச் சிவப்பு மையால் சுழித்து, பதிலோடு சேர்த்துத் திருப்பி அனுப்பியவர். தூக்கிக் கொஞ்சினார், தோளில் ஏற்றிக்கொண்டார் என்றெல்லாம் எங்கள் வீட்டில் ஒரு கதைகூடக் கிடையாது. இந்தப் படத்துக்குப் பின்னால் இருப்பதைத் தவிர.

படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். நமக்கு வலது பக்கம், தரைவரை துணி தொங்கும் ஒரு முக்காலி. மேலே பூச்சாடி. அந்தத் துணியின் ஓரத்தில், தாத்தாவின் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே, கறுப்பாக ஒரு தீற்றல் இருக்கிறதா? ஈரக் கை பட்டு இழுத்த மாதிரி. நாங்கள் எல்லாரும் பூஞ்சை என்றுதான் நினைத்தோம். படத்துக்கும் வயது கொஞ்சமில்லை. நேரில் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தால் இருட்டான இடங்களில், முக்கியமாக ஓரங்களில், நீலம் கலந்த வெள்ளிப் பளபளப்பு தெரியும். காகிதத்தில் இருக்கிற வெள்ளியே காற்றும் ஈரமும் பட்டுப் பட்டு மேலே ஏறி வந்து படிவது அது. இத்தனை நடந்திருக்கும்போது ஒரு கறையைப் பற்றி யார் யோசிப்பார்கள்?

அது கறை இல்லை. என் அப்பா.

பாட்டி இந்தக் கதையைத் தாத்தா வீட்டில் இல்லாத நேரம் பார்த்துத்தான் சொல்வார். சொல்லி முடித்ததும், "அவருக்குத் தெரிய வேண்டாம்" என்பார். அவருக்குத் தெரியாமல் எப்படி? அவர் கையில் நடந்த கதைதானே!

தாத்தாவுக்குக் கப்பலேறிப் போகிற வேலை கிடைத்திருந்தது. மூன்று வருட ஒப்பந்தம். அப்பாவுக்கு நான்கு வயது, அத்தை கைக்குழந்தை. போவதற்குள் ஒரு படம் எடுத்து வீட்டில் மாட்டிவிட்டால் பிள்ளைகளுக்கு முகம் மறக்காது என்று யோசனை சொன்னது பாட்டி. முந்தின நாள் ராத்திரி அப்பாவிடம், "நாளைக்கு அப்பாவைப் படம் பிடிக்கப் போறாங்கடா" என்றாராம். அந்த வாரம்தான் தெருவில் நாய் பிடிக்கிற வண்டி வந்து போயிருந்தது. அப்பா திண்ணையில் நின்று முழுசாகப் பார்த்திருக்கிறார். பிடிக்கிறவர்கள் வந்தால் என்ன நடக்கும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அதோடு, தாத்தா எங்கேயோ போகப் போகிறார் என்று வீட்டில் நாலு நாளாகக் குசுகுசுப்பு வேறு. இரண்டையும் சேர்த்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். பாட்டி சொன்ன மற்ற எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

மறுநாள் ஸ்டுடியோவில் மூன்று கால் வைத்த பெட்டி, கறுப்புத் துணி, அதற்குள் தலையை நுழைத்துக்கொண்டு ஒரு ஆள். அப்பா சந்தேகப்பட்டதெல்லாம் சரியாகிவிட்டது. ஓடிப்போய்த் தாத்தாவின் இடது கைச் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டார். பாட்டி இழுத்துப் பார்த்தார், அத்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு கையால் எவ்வளவு இழுக்க முடியும்? போட்டோக்காரர் ஒரு பொம்மையைக் காட்டினார். அழுகை இன்னும் உயர்ந்தது. வேறு வாடிக்கையாளர்கள் வெளியே காத்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த இடத்தில் தாத்தா ஒரு அறை வைப்பார் என்று பாட்டி நினைத்தாராம். வழக்கம் அதுதான்.

தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவை நகர்த்தி முக்காலிக்குப் பின்னால் உட்கார வைத்தார். விரலை விடுவித்துக்கொள்ளவில்லை. கையை மட்டும் பின்னால் கொண்டுபோனார். "கை ரெண்டும் முன்னால இருந்தா நல்லாருக்கும் சார்" என்று போட்டோக்காரர் சொன்னதற்கு, "இப்படியே எடுங்க" என்றார். அவ்வளவுதான். எழுபது வருடமாக எல்லாரும் வியக்கிற மிலிட்டரித் தோரணை உண்டான விதம் இது.

அந்தப் பெரிய கேமராக்களில் ஒரு வேடிக்கை உண்டு. துணிக்குள் தலையை விட்டுப் பார்க்கிற கண்ணாடியில் ஆள் தலைகீழாகத் தெரிவார். எல்லாம் சரிபார்த்த பிறகு அந்தக் கண்ணாடிக்கு முன்னால் பிளேட்டைச் செருகிவிடுவார்கள். செருகின பிறகு போட்டோக்காரருக்கு அதன் வழியாக ஒன்றும் தெரியாது. வெளியே வந்து, ஆள் முகத்தைப் பார்த்துக்கொண்டே ரப்பர் பந்தை அமுக்க வேண்டியதுதான். அவர் சரிபார்த்தபோது முக்காலிக்குப் பின்னால் எல்லாம் ஒழுங்காக மறைந்திருந்தது. பந்தை அமுக்கின நேரத்தில் அப்பா, பிடித்துக்கொண்டு போய்விட்டார்களா என்று பார்க்க எட்டியிருக்கிறார். முழங்கை மட்டும் வெளியே வந்து, உடனே உள்ளே போய்விட்டது. படம் விழ ஒரு விநாடியாவது ஆகியிருக்கும். அதற்குள் அசையாமல் நின்ற தாத்தாவின் மீசை முடிவரை தெளிவாக விழ, அசைந்த முழங்கை தீற்றலாகிவிட்டது.

சட்டை சிவப்பு என்று அப்பா சொல்கிறார். சிவப்பு எப்படிக் கறுப்பாகும் என்று நான் ரொம்ப நாள் நம்பவில்லை. அந்தக் காலத்தில் ஸ்டுடியோக்களில் புழங்கிய ஆர்த்தோ பிளேட்டுக்குச் சிவப்பு கண்ணுக்கே தெரியாதாம். இருட்டறையில் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டே கழுவலாம். அதனால் சிவப்புச் சட்டையெல்லாம் அதில் கறுப்பாகத்தான் விழும்.

போன மாதம் படத்தின் மூலை உதிர ஆரம்பித்ததால் புதுப்பித்து வைக்கலாம் என்று ஒரு கடையில் கொடுத்தேன். நல்ல வேலைக்காரர்தான். கீறல், மஞ்சள், மடிப்பு எல்லாம் போய்ப் பளிச்சென்று வந்தது. அந்தத் தீற்றலும் போயிருந்தது. "அந்தக் கறை மட்டும் கொஞ்சம் படுத்திடுச்சு மேடம், துணியோட மடிப்பை இழுத்துப் போட்டுச் சரி பண்ணிட்டேன்" என்று பெருமையாகச் சொன்னார். எனக்குத் திக்கென்றது. அசல் கையில் இருக்கிறது, ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்று புத்திக்குத் தெரிகிறது. ஆனாலும் அந்தப் படத்தில் தாத்தா வெறுமனே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிற ஒரு ஆளாக இருந்தார். மிலிட்டரிக்காரராகவே ஆகிவிட்டார். "அதைத் திரும்ப வெச்சிடுங்க" என்றேன். "கறையையா?" என்றார் அவர். "ஆமா, கறையைத்தான்."

அதனால்தான் நீங்கள் இங்கே பார்ப்பது தொடாத படம். கீறல், மஞ்சள் எல்லாம் அப்படியே. யாரும் சுத்தம் பண்ணித் தருகிறேன் என்று தயவுசெய்து கிளம்பாதீர்கள்.

அதற்காக மறுபடி நிதானமாக 1200 டிபிஐயில் ஸ்கேன் பண்ணினேன். ஆறு அங்குல உயரப் படம் கணினியில் 7200 புள்ளி உயரத்துக்கு விரிந்தது. பெரிதாக்கிக்கொண்டே போய்த் தீற்றலுக்குள் நுழைந்தால், நடுவில் வெளுப்பாக இரண்டு புள்ளி. ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று, ஒரே அளவு. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. இரண்டில்லை, ஒன்றுதான். சட்டைக் கையின் பட்டன். வெளியே வந்தபோது ஒரு தடவை, உள்ளே போனபோது ஒரு தடவை. பாட்டி சொன்னதை ஒரு சாட்சியும் இல்லாமலே இத்தனை வருடம் நம்பிக்கொண்டிருந்தோம். சாட்சி சுவரிலேயே தொங்கியிருக்கிறது.

தாத்தா கப்பலேறிப் போன பிறகு அப்பா தினமும் இந்தப் படத்தின் கீழே நின்று, "அப்பாவை எப்ப விடுவாங்க?" என்று கேட்பாராம். முதல் கொஞ்ச நாள் பாட்டி சிரித்திருக்கிறார். அப்புறம் சிரிக்கவில்லை, படத்தை உயரமாக மாற்றி மாட்டிவிட்டார். மூன்று வருடம் கழித்துத் தாத்தா வந்து இறங்கியபோது, ஏழு வயது அப்பா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே ஓடிப்போய்ப் படத்தைப் பார்த்தார். அங்கேயும் இருந்தார். அந்தக் குழப்பம் தீர இரண்டு நாள் ஆனதாகப் பாட்டி சொல்வார். அப்பா மறுக்கிறார். ஏழு வயதில் அவ்வளவு மக்காக இல்லையாம்.

தாத்தா 1991இல் போனார். அவர் இருந்தவரை இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் 1980இல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது எடுத்த குரூப் போட்டோ ஒன்று இருக்கிறது. முன்வரிசையில் எல்லாரும் இரண்டு கையையும் தொடைமேல் வைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். தாத்தாவின் இடது கையைக் காணோம், நாற்காலிக்குப் பின்னால் போயிருக்கிறது. எங்கள் அத்தை கல்யாணப் படத்திலும் அப்படித்தான். "பழக்கதோஷம்" என்கிறார் அத்தை. இருக்கலாம்.

நேற்று அந்தப் பட்டனைப் பெரிதாக்கி, அப்பாவை அழைத்துக் காட்டினேன். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். என்ன சொல்லப் போகிறாரோ என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். தன் முழங்கையை ஒரு தடவை தடவிக்கொண்டார்.

"அந்தச் சட்டை பயங்கரமா அரிக்கும்" என்றார்.